மூடப்படாத அரண்மனையும் மூன்று நீலக்கற்களும்

2019ஆம் ஆண்டு ஜனவரியில், பொங்கல் விடுமுறையில், நாங்கள் நால்வர் பாங்காக் சென்றிருந்தோம். நால்வருமே கல்லூரியில் தமிழ் கற்பிப்பவர்கள். திருவெம்பாவை சயாமிய அரசவைப் பிராமணர்களின் சடங்கில் இடம்பெற்று இன்றுவரை உயிரோடிருக்கும் செய்தியை வகுப்பறையில் பலமுறை சொல்லியிருக்கிறோம். அச்சடங்கு நிகழும் கோயிலை ஒருமுறையேனும் கண்ணால் காண வேண்டும் என்பது நெடுநாள் விருப்பம். ஆனால் இக்கட்டுரை அக்கோயிலைப் பற்றியது அன்று. அங்கே போவதற்கு முன், பெரிய அரண்மனையின் வெளிமதிலோரம் எங்களுக்கு நேர்ந்ததையும், அதன் பின்னே நீளும் ஒரு வரலாற்றையும் பற்றியது.

காலை பத்து மணி இருக்கும். வெள்ளைச் சட்டையும் கழுத்தில் அடையாள அட்டையுமாக ஒருவர் எதிரே வந்து வணங்கினார். எங்கிருந்து வருகிறோம் என்று கேட்டார். இந்தியா என்றதும் புத்தர் பிறந்த மண் என்று மகிழ்ந்தார். பிறகு வருத்தத்தோடு, இன்று முற்பகல் பிக்குகளின் வழிபாடு நடப்பதால் அரண்மனை மூடியிருக்கிறது, பிற்பகல் ஒரு மணிக்குமேல்தான் திறப்பார்கள் என்றார். அதுவரை வீணாகக் காத்திருப்பானேன் என்று எங்கள் வரைபடத்தில் மூன்று இடங்களைப் பேனாவால் வட்டமிட்டுக் காட்டினார். அவ்வழியே வந்த 'துக் துக்' வண்டியைத் தாமே நிறுத்தி, மூன்று இடங்களுக்கும் சேர்த்து 20 பாத் என்று பேசி எங்களை ஏற்றிவிட்டார். தமக்கென்று ஒரு காசும் கேட்கவில்லை.

மாலையில் எங்கள் மூத்த நண்பர் ஒருவரின் பையில் மூன்று கருநீலக் கற்கள் இருந்தன. கடன் அட்டையில் 42,000 பாத் கழிந்திருந்தது. அன்றைய மாற்றுவிலையில் ஏறத்தாழ 92 ஆயிரம் ரூபாய். மகளின் திருமணத்திற்கென ஒதுக்கி வைத்திருந்த தொகையிலிருந்து அதை எடுத்தார். ஊரில் விற்றால் இரட்டிப்பாகும் என்று அவர் நம்பினார். அப்போது நாங்களும் நம்பினோம் என்பதை இங்கே ஒப்புக்கொள்ள வேண்டும்.

படித்த நால்வர் எப்படி நம்பினோம் என்ற கேள்விக்குக் கிடைத்த விடைதான் எங்களை வரலாற்றின் பக்கம் திருப்பியது. எங்களிடம் சொல்லப்பட்ட ஒவ்வொரு பொய்க்கும் ஓர் உண்மை தாயாக இருந்தது. ஒவ்வொன்றாகப் பார்ப்போம்.

*

முதற்பொய், அரண்மனை மூடியிருக்கிறது என்பது. முதலாம் ராமா 1782இல் தலைநகரைச் சாவ் பிரயா ஆற்றின் கீழ்க்கரைக்கு மாற்றியபோது கட்டத் தொடங்கிய அரண்மனை அது. மன்னர்கள் இப்போது அங்கே குடியிருப்பதில்லை என்றாலும் அது வெறும் காட்சிக்கூடமாகிவிடவில்லை. மரகத புத்தர் கோயில் அவ்வளாகத்துக்குள்தான் இருக்கிறது. அரச சடங்குகள் அங்கேதான் நடக்கின்றன. அந்நாட்களில் சில பகுதிகளோ, அரிதாக முழு வளாகமோ பார்வையாளர்க்கு அடைபடும். பூமிபோல் மன்னரின் இறுதிச் சடங்கையொட்டி 2017 அக்டோபரில் அரண்மனை உண்மையாகவே மூடப்பட்டிருந்தது. ஆகவே 'இன்று வழிபாடு, இன்று விடுமுறை' என்ற சொல்லில் இயல்புக்கு மாறானது எதுவும் இல்லை. கோயில்களில் உச்சிக்கால நடையடைப்பைக் கண்டு வளர்ந்த நமக்கோ அது இன்னும் எளிதாகச் செரிக்கிறது.

ஆனால் வழக்கமான நாட்களில், வாரத்தின் ஏழு நாளும், காலை எட்டரை மணிமுதல் பிற்பகல் மூன்றரைவரை நுழைவுச்சீட்டு கொடுக்கிறார்கள். பார்வையாளர் நுழையும் வாயில் ஒன்றே. நா பிரா லான் சாலையில் உள்ள விசேத் சைசி வாயில். மதிலின் நீளம் ஏறத்தாழ இரண்டு கிலோமீட்டர். அந்த நீளந்தான் ஏமாற்றுவோர்க்கு வசதி. அவர்கள் வாயிலருகே நிற்பதில்லை. வாயில் கண்ணில் படாத திருப்பங்களில், பிற வாயில்களின் அருகே நிற்கிறார்கள். சில வாயில்கள் பார்வையாளர்க்கு எப்போதும் அடைத்தே இருப்பவை. அவற்றைச் சுட்டிக்காட்டி 'பாருங்கள், மூடியிருக்கிறது' என்றால் கண்ணே சாட்சியாகிவிடுகிறது.

இதற்கு மாற்று மிக எளியது. வாதிட வேண்டாம், முகம் சுளிக்கவும் வேண்டாம். 'நன்றி, வாயில்வரை நடந்து பார்த்துக்கொள்கிறோம்' என்று சொல்லி நடையைத் தொடர்ந்தால் போதும். தாய் மொழியில் ஆண்கள் 'மாய் அவ், கொப் குன் க்ராப்' என்றும், பெண்கள் இறுதிச் சொல்லை 'கா' என்று மாற்றியும் சொன்னால் 'வேண்டாம், நன்றி' என்று பொருள். நின்று பதில் சொல்வதுதான் தூண்டிலின் முதல் முள். நடந்துகொண்டே சொன்னால் அது பதியாது.

*

இரண்டாவது, 20 பாத் வண்டி. வெளியூரில் அதிகக் கட்டணம் கேட்டால் நாம் எச்சரிக்கையாகிறோம்; குறைவாகக் கேட்டால் மகிழ்கிறோம். பாங்காக்கில் இரண்டாவதே ஆபத்து மிகுந்தது.

கால்மிதி மூன்றுசக்கர வண்டிகள் தலைநகரில் தடைசெய்யப்பட்ட 1960ஐ ஒட்டிய ஆண்டுகளில் ஜப்பானிலிருந்து வந்த சிறிய சரக்கு வண்டிகளே துக் துக்கின் முன்னோர். அவற்றில் கட்டணமானி கிடையாது; அன்றும் இன்றும் பேச்சுவிலைதான். வாடகைக் கார்களுக்கும் 1992 வரை பேச்சுவிலையே இருந்தது. அவ்வாண்டுக்குப் பிறகே மீட்டர் வழக்கத்துக்கு வந்தது. நாங்கள் சென்றபோது கார் மீட்டர் 35 பாத்தில் தொடங்கியது. விமான நிலையத்திலிருந்து ஏறினால் அதற்குமேல் 50 பாத் சேரும். மேம்பாலச் சுங்கத்தைப் பயணியே கொடுக்க வேண்டும். விமான நிலையத்தின் வெளியே இயந்திரம் தரும் சீட்டில் வண்டி நிற்கும் இடத்தின் எண் அச்சாகியிருக்கும். அச்சீட்டை ஓட்டுநரிடம் கொடுத்துவிடாமல் நாமே வைத்துக்கொள்வது நல்லது. வண்டியைப் பற்றி முறையிட நேர்ந்தால் நம் கையில் இருக்கும் சான்று அது ஒன்றே. ஏறுமுன் 'மீட்டர்' என்ற ஒரு சொல்லைச் சொல்லி, ஓட்டுநர் மறுத்தால் கதவை மெல்லச் சாத்திவிட்டு அடுத்த வண்டிக்குப் போகலாம். இவ்வளவும் முதல்நாளே கற்றுக்கொண்டிருந்தோம். அதனால்தான் 'நாங்கள் விவரமானவர்கள்' என்ற எண்ணமும் கூடவே வளர்ந்திருந்தது.

கார் மீட்டரே 35 பாத்தில் தொடங்கும் ஊரில், மூன்று இடங்களுக்கு அழைத்துச்சென்று ஒவ்வோரிடத்திலும் காத்திருக்க ஒருவர் 20 பாத் கேட்கிறார் என்றால், மீதிப் பணத்தை வேறு யாரோ கொடுக்கிறார்கள் என்று பொருள். கொடுப்பது கடை. ஓட்டுநர் எங்களிடம் மறைக்கவும் இல்லை. 'ஒரே ஒரு கடை, பத்து நிமிடம் பார்த்தால் போதும், எனக்கு எண்ணெய்ச் சீட்டு தருவார்கள்' என்று சிரித்துக்கொண்டே சொன்னார். வாங்காவிட்டாலும் அவருக்குச் சீட்டு உண்டு. வாங்கினால் கழிவும் உண்டு. அவர் ஏழை, நாம் பத்து நிமிடம் உட்கார்ந்தால் அவருக்கு எண்ணெய் கிடைக்கும் என்ற இரக்கமே எங்களை அக்கடைக்குள் அழைத்துச் சென்றது. ஏறுவதற்கு முன்பே 'கடை வேண்டாம், அதற்குரிய கட்டணத்தைக் கொடுத்துவிடுகிறோம்' என்று சொல்லியிருந்தால், ஒன்று நியாயமான விலையைச் சொல்லியிருப்பார், அல்லது எங்களை விட்டுவிட்டுப் போயிருப்பார். இரண்டுமே நமக்கு நல்லதுதான்.

*

மூன்றாவது, வழியில் வாய்த்த வழிகாட்டி. முதலில் எங்களை இந்தரவிஹான் கோயிலுக்கு அழைத்துப் போனார்கள். 32 மீட்டர் உயரத்தில் பொன்னிறமாக நிற்கும் புத்தர். பார்க்க வேண்டிய இடந்தான். கோயிலுக்கும் இந்தச் சூதுக்கும் தொடர்பில்லை. இரண்டாவதாகப் போன சிறு கோயிலில் ஆளே இல்லை. படியில் ஒருவர் மட்டும் உட்கார்ந்திருந்தார். தாம் வழக்கறிஞர் என்றும், மனைவியின் நலத்துக்காக வேண்டிக்கொள்ள வந்ததாகவும் சொன்னார். கோயிலின் வரலாற்றைத் தெளிவாக எடுத்துரைத்தார். பேச்சின் நடுவே, ஆண்டுக்கு ஒருமுறை அரசு வரியை நீக்கிக் கற்களை விற்கும் வாரம் இது, இன்றுதான் கடைசிநாள், தாமும் ஒவ்வோராண்டும் வாங்கி வெளிநாட்டில் விற்பதுண்டு என்று பொதுவாகச் சொல்லிவைத்தார். எங்களை எங்கும் போகச் சொல்லவில்லை.

ஏமாற்றின் உச்சம் இதுவே என்பது எங்கள் கருத்து. ஒருவர் சொன்னதை, அவரோடு தொடர்பே இல்லாதவராகத் தோன்றும் இன்னொருவர் சொல்கிறார். இரண்டு தனிச் சாட்சிகள் கிடைத்துவிட்டதாக மனம் கணக்கிடுகிறது. இருவரும் ஒரே கயிற்றின் இரு முனைகள் என்பது பிறகுதான் விளங்குகிறது. கோவலனும் அறியாத ஊரில் சிலம்பை விற்கப் போனபோது, அரச மரியாதைக் கோலத்தோடு பரிவாரம் சூழ வந்த பொற்கொல்லனைக் கண்டதும் மேலே எதையும் விசாரிக்கவில்லை. ஆண்டுதோறும் நாங்கள் நடத்தும் பாடம் அது. வெள்ளைச் சட்டையும் கழுத்தட்டையும் எதிரே வந்தபோது எங்களில் ஒருவருக்கும் அது நினைவுக்கு வரவில்லை.

தாய்லாந்தில் வழிகாட்டித் தொழிலுக்கு உரிமம் கட்டாயம். அது தாய்க் குடிமக்களுக்கு மட்டுமே உரிய தொழில். உரிமத்தில் ஒளிப்படமும் எண்ணும் இருக்கும். பணியிலிருக்கும்போது அதை வெளித்தெரிய அணிந்திருக்க வேண்டும். ஆனால் எங்களை வழிநடத்திய இருவருமே தம்மை வழிகாட்டி என்று சொல்லவில்லை. ஆசிரியர், வழக்கறிஞர் என்றே சொன்னார்கள். அப்படியிருக்க உரிமத்தை எப்படிக் கேட்பது? ஆகவே கவனிக்க வேண்டியது அட்டையை மட்டும் அன்று, பேச்சு போகும் திசையை. கேளாமல் வந்த அறிமுகம் எதுவாயினும், அதன் முடிவில் ஒரு கடையின் பெயர் வந்தால் அங்கேயே விடைபெறலாம். கோயிலின் வரலாற்றைக் கேட்டதற்கு நன்றி சொல்வதில் தவறில்லை. கடைக்குப் போகும் கடமை மட்டும் நமக்கில்லை.

*

இனிக் கல். கடையில் எங்களுக்குக் காட்டியவை போலிக்கற்கள் அல்ல. அவை உண்மையான நீலக்கற்கள். தாய்லாந்து கல்வணிகத்தின் பெருஞ்சந்தை என்பதும் உண்மை. அந்த உண்மையின் வரலாறு தெரிந்தால்தான் பொய் எங்கே ஒளிந்திருக்கிறது என்பது புலப்படும்.

மாணிக்கமும் நீலமும் ஒரே கனிமத்தின் இரு நிறங்கள். அதன் பெயர் குருந்தம். ஆங்கிலத்தார் அக்கனிமத்தை அழைக்கும் 'கொரண்டம்' என்ற சொல் நம் சொல்லிலிருந்தே சென்றது. உலகின் சிறந்த மாணிக்கங்களைத் தந்துகொண்டிருந்த பர்மாவில் 1962இல் படையாட்சி வந்து சுரங்கங்கள் அரசுடைமையாயின. வெளிச்சந்தைக்கு வரும் கல் சுருங்கியது. அந்த இடத்தைத் தாய்லாந்தின் சந்தபுரி, திராத் பகுதிக் கற்கள் பிடித்துக்கொண்டன. அவை கருமை படிந்த கற்கள். அவற்றைச் சூளையிலிட்டு நிறம் தெளியவைக்கும் கலையில் சந்தபுரிக்காரர்கள் தேர்ந்தார்கள். கல்லைச் சுடுவது புதிதன்று. 11ஆம் நூற்றாண்டிலேயே அல்பெரூனி அதைக் குறித்திருக்கிறார். புதிது வெப்பத்தின் அளவுதான்.

1970களில் அவர்கள் இலங்கைக்கு வந்தார்கள். அங்கே 'கெவுட' என்று சிங்களத்தில் வழங்கும் பால்மங்கலான கற்களுக்கு அந்நாளில் மதிப்பில்லை. தாய் வணிகர்கள் அவற்றை மலிவாக வாங்கிச் சென்று 1,500 பாகை செல்சியசுக்கும் மேற்பட்ட வெப்பத்தில் சுட்டார்கள். கல்லுக்குள் மங்கலாய்த் தோன்றிய டைட்டானிய இழைகள் அவ்வெப்பத்தில் கரைந்து, அங்கிருந்த இரும்போடு சேர்ந்து நீலநிறம் தந்தன. ஆஸ்திரேலியாவின் கருநீலக் கற்களும் பட்டை தீட்டத் தாய்லாந்துக்கே வந்தன. விளைவு, உலகின் நீலக்கல் வரத்து பெருகியது. உயர்ந்த கற்களின் விலை உயர்ந்தபடியே இருந்தது. ஆனால் சிறிய, மைபோல் இருண்ட, ஒளி உள்ளே புகாத கற்கள் குவியல் குவியலாக மலிந்தன. 1980களுக்குப் பிறகு சுற்றுலாப் பயணிகள் பெருகியபோது, அந்த மலிந்த கற்களுக்குக் கிடைத்த வாடிக்கையாளர்கள் அவர்களே. 1990களில் பயண நூல்கள் இச்சூதை விரிவாக அச்சிட்டு எச்சரித்துவிட்டன. ஆனாலும் 2019இல் நாங்கள் அதே கதையைப் புதிதாகக் கேட்டோம்.

கடையில் குளிர்பானம் தந்தார்கள். சான்றிதழைக் காட்டினார்கள். அங்கிருந்த ஒரு வெள்ளைக்கார இளைஞர் சென்ற ஆண்டு தாம் வாங்கி நல்ல ஆதாயம் கண்டதாக, நாங்கள் கேளாமலே சொன்னார். கற்களை ஒளிபுகும் உறையிலிட்டு ஒட்டி, உறையைப் பிரித்தால் உத்தரவாதம் செல்லாது என்றார்கள். அஞ்சலில் வீட்டுக்கே அனுப்பிவிடுகிறோம் என்றும் வற்புறுத்தினார்கள். நண்பர் அதற்கு மட்டும் இணங்கவில்லை. பொருள் கையில் இருக்கட்டும் என்றார். அந்த ஒரு பிடிவாதம்தான் பிறகு கைகொடுத்தது.

*

எங்களில் ஒருவர் காயல்பட்டினத்துக்காரர். காயலிலிருந்தும் கீழக்கரையிலிருந்தும் சென்ற தமிழ் முஸ்லிம் வணிகர்கள் இலங்கையிலும் பாங்காக்கிலும் தலைமுறைகளாகக் கல்வணிகம் செய்துவருபவர்கள். சீலோம் பகுதியில் கடை வைத்திருக்கும் அவருடைய உறவினரை அன்றிரவே பார்க்கப் போனோம். எங்கள் நண்பர் அவரைக் 'காக்கா' என்று அழைத்தார். காயலில் அண்ணனை அப்படித்தான் அழைப்பார்கள். நாங்களும் அப்படியே அழைத்தோம்.

உறையைப் பிரிக்கலாமா என்று நண்பர் தயங்கினார். "பிரிக்கலன்னா எப்படிப் பார்க்கிறது சார்? அதுக்குத்தானே ஒட்டி வச்சிருக்கான்" என்றார் காக்கா. கற்களை வெள்ளைத் தாளில் வைத்து விளக்கொளியில் திருப்பினார், லென்சில் பார்த்தார், நிறுத்தார். மூன்றும் சேர்ந்து 4 காரட்டுக்குச் சற்றுக் குறைவு. அதாவது ஒரு கிராம்கூட இல்லை. கடைக்காரர்களுக்குள் கைமாறும் விலை ஐயாயிரம், ஆறாயிரம் பாத் இருக்கும் என்றார்.

"கல்லு அசல்தான் சார். அதுதான் சங்கடமே. கண்ணாடியா இருந்தா மோசடின்னு போலீஸ்ல கொடுத்துடலாம். அசல் கல்லைக் கூடுதல் விலைக்கு வித்தா, நீங்க பார்த்துத்தானே வாங்கினீங்கம்பான்."

சான்றிதழை நீட்டினோம். கல்லின் இனம், நிறை, சுட்டதா இல்லையா என்பதைத்தான் நம்பத்தகுந்த ஆய்வகங்கள் எழுதுமே தவிர விலையை எழுதா என்று விளக்கினார். எங்கள் கையிலிருந்த தாளில் விலைதான் பெரிதாக இருந்தது. அதைக் கொடுத்ததும் கடையேதான். வரி நீக்கம் பற்றிக் கேட்டபோது சிரித்தார். தாய்லாந்தின் மதிப்புக்கூட்டு வரியே நூற்றுக்கு ஏழு. அதை முழுதாக நீக்கினாலும் 107 பாத் பொருள் 100 ஆகும். ஊரில் இரட்டிப்பாவது எப்படி? இந்தக் கணக்கை எங்களில் யாரும் கடையில் போட்டுப் பார்க்கவில்லை. இன்னொன்றும் சொன்னார்: "நாளைக்கு இரட்டிப்பாகும்னா, விமானத்துல ஏறி அவனே வித்துட்டு வருவானே. உங்ககிட்ட ஏன் கொடுக்குறான்?"

மறுநாள் காலை அவர் சொன்னபடி 1155 என்ற எண்ணில் சுற்றுலாக் காவல்துறையை அழைத்தோம். நடந்ததை வரிசையாகத் தாளில் எழுதி, ரசீதையும் கற்களையும் எடுத்துக்கொண்டு போனோம். அங்கிருந்த அதிகாரி கடையோடு தொலைபேசியில் பேசினார். குரல் உயராத நீண்ட பேச்சு. இறுதியில் கற்களைத் திருப்பிக் கொடுத்து 30,000 பாத் பெற்றோம்; 12,000 பாத் போனது போனதுதான். ஊர் திரும்பியபின் அழைத்திருந்தாலோ, கற்கள் அஞ்சலில் போயிருந்தாலோ இதுவும் கிடைத்திருக்காது. கல் கையிலும் நாம் அவ்வூரிலும் இருக்கும் முதல் ஒன்றிரண்டு நாட்களுக்குத்தான் பேரம் பேசும் வலு உண்டு. அதனாலேயே அஞ்சலில் அனுப்ப அவ்வளவு ஆர்வம் காட்டுகிறார்கள்.

கல் வாங்கவே கூடாது என்று நாங்கள் சொல்லவரவில்லை. அணிந்து மகிழ ஒன்று வேண்டுமென்றால், இழந்தாலும் வருந்தாத தொகைக்கு வாங்கலாம். விலை கூடிய கல்லென்றால், கடைக்குத் தொடர்பில்லாத ஆய்வகத்தில் காட்டிய பிறகு பணம் தருகிறோம் என்று சொல்லலாம். நல்ல வணிகர் அதற்கு முகம் சுளிப்பதில்லை. 'நாளை வருகிறோம்' என்ற சொல்லைத் தாங்காத விலை எதுவோ அதுவே பொய்விலை. எங்களிடம் சொல்லப்பட்ட கதை முழுதும் 'இன்று' என்ற ஒரு சொல்லில்தான் நின்றது: இன்று அரண்மனை மூடல், இன்று மலிவு வண்டி, இன்று கடைசிநாள்.

அன்று பிற்பகல் மீண்டும் அரண்மனைக்குப் போனோம். இம்முறை மதிலோரம் எங்கும் நிற்காமல் விசேத் சைசி வாயில்வரை நடந்தோம். ஒலிபெருக்கியில், அரண்மனை நாள்தோறும் திறந்திருக்கிறது, வெளியே சொல்வோரை நம்ப வேண்டாம் என்று பல மொழிகளில் அறிவித்துக்கொண்டிருந்தார்கள். முந்தைய நாள் வாயிலுக்கு இன்னும் முந்நூறு அடி நடந்திருந்தால் எங்கள் காதிலும் அது விழுந்திருக்கும். நுழைவுச்சீட்டு 500 பாத். மூத்த நண்பர் நால்வருக்கும் தாமே வாங்குவதாகச் சொன்னார், நாங்கள் விடவில்லை.